கீமோ நிற்கும்போது குடும்பத்துக்கு எழுதும் கடிதம்

இனிக் கீமோ வேண்டாம் என்ற முடிவு பெரும்பாலும் கிளினிக்கில் கால் மணித்தியாலத்துக்குள் சொல்லி முடிந்துவிடுகிறது. அப்போது அந்த அறையில் இருப்பவர்கள் நோயாளியும் கூட வந்த மகளும் மட்டுமே. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் முடிவு எடுப்பவர்கள் அந்த அறைக்குள் அடங்குவதில்லை. கொழும்பில் ஒரு மகன், ஸ்காபரோவில் இன்னொருவர், லண்டனில் ஒரு பெறாமகள் என்று மூன்று நாடுகளில் இருப்பார்கள். அன்றிரவே வட்ஸ்அப்பில் கேள்வி வரும்: "டொக்டர் என்ன சொன்னவர்?" அழுது களைத்துப்போன மகளுக்கு நினைவில் நிற்பது ஒரே வசனம்தான்: "இனி ஒண்டும் செய்யேலாதாம்." அதைக் கேட்டவர் மறுநாள் சென்னைக்கு விமான டிக்கெட் விலை பார்க்கிறார். அதில் அவருடைய பிழை எதுவும் இல்லை. அவர் கையில் இருக்கும் தகவல் அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கட்டத்தில் வாயால் சொன்னதை எழுத்திலும் கொடுக்க வேண்டும். கடிதம் முதன்மையாக அறையில் இல்லாதவர்களுக்கானது. அதை வாசித்த பிறகு, எது நிற்கிறது, எது தொடர்கிறது, நடு இரவில் என்ன நடந்தால் என்ன செய்வது என்ற மூன்றும் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். இந்த அத்தியாயம் அப்படிக் கடிதம் எழுதும் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், அதைப் பெறும் குடும்பங்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. கிளினிக் கதவுக்கு வெளியே மகள் மெதுவாகச் சொல்லுவார்: "அப்பாக்குச் சொல்லிப் போடாதேங்கோ டொக்டர், அவர் உடைஞ்சு போவார்." இதை அன்பின் வெளிப்பாடாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், மறுத்துச் சண்டை பிடிக்கக் கூடாது. அதேநேரம் அதற்கு அப்படியே கட்டுப்படவும் முடியாது. நோயாளியிடமே கேட்க வேண்டும்: "உங்கட வருத்தத்தைப் பற்றிச் சிலர் எல்லாத்தையும் சொல்லச் சொல்லுவினம், சிலர் பிள்ளையளோட கதைக்கச் சொல்லுவினம். உங்களுக்கு எது விருப்பம்?" பிள்ளைகளோடு கதைக்கச் சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான். ஆனால் அடிக்கடி வரும் பதில் வேறு. பதினெட்டுக் கிலோ மெலிந்த ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றி வேறு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவருடைய சம்மதத்தோடு எழுதப்படும் கடிதத்தில் எதையும் மறைக்க வேண்டியிராது. அவரே எடுத்து வாசிக்கலாம்.

கீழே தருவது கொழும்புத்துறை வீடொன்றுக்கு எழுதியதாக அமைத்த மாதிரிக் கடிதம். பலருடைய நிலைமைகளைச் சேர்த்து உருவாக்கியது. இதில் வருபவர் உண்மையான தனி ஒருவர் அல்ல. இ.போ.ச.வில் சாரதியாக இருந்து ஓய்வு பெற்ற, 71 வயதான ஒருவர். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையில் சிகிச்சை பெற்றவர். வட மாகாணத்துப் புற்றுநோயாளர்களுக்கு, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த 'ட்ரெயில்' நடைபயணத்தில் திரட்டிய பணத்தில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட அந்த வைத்தியசாலைதான் பெரும்பாலும் முதல் இடம்.

மாதிரிக் கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும்,

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் ஐயாவோடும் மூத்த மகளோடும் கதைத்ததை எழுத்தில் தருகிறேன். கொழும்பிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகளும் இதை வாசிக்க வேண்டும் என்று ஐயாவே கேட்டுக்கொண்டார்.

ஐயாவின் உணவுக்குழாயில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருக்கிறது. கதிர் சிகிச்சையும் முதல் கீமோவும் சில மாதங்கள் அதைக் கட்டுப்படுத்தின. இரண்டாவது கீமோ மருந்தை மூன்று தடவை ஏற்றிய பின் எடுத்த சிடி ஸ்கானில் ஈரல் கட்டிகள் பெருத்திருக்கின்றன, புதியவையும் தெரிகின்றன. அந்த மருந்து நோய்க்கு வேலை செய்யவில்லை. ஐயாவின் நிறை 62 கிலோவிலிருந்து 44 கிலோவாக இறங்கியிருக்கிறது. பகலில் பாதிக்கு மேற்பட்ட நேரம் கட்டிலில் இருக்கிறார். இந்த நிலையில் இன்னொரு கீமோ கொடுத்தால் நோய் குறைய மிகச் சிறிய வாய்ப்பே உண்டு. கிருமித்தொற்று, வாய்ப்புண், வயிற்றோட்டம் வந்து இருக்கும் நாட்களும் ஆஸ்பத்திரியில் கழிய நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே கீமோவை நிறுத்தும்படி சொல்கிறேன். புற்றுநோய் நிபுணரின் கருத்தும் இதுவே. "ஊசி ஏத்தினா ஒரு கிழமை எழும்பேலாமக் கிடக்கிறன், இனி வேண்டாம்" என்று ஐயாவும் சொன்னார்.

நிறுத்துவது கீமோவையும் அதற்காகச் செய்த ஸ்கானையும் இரத்தப் பரிசோதனைகளையும் மட்டுமே. சிகிச்சை நிற்கவில்லை. நோவு, ஓங்காளம், மலச்சிக்கல், மூச்சுமுட்டு, நித்திரையின்மை ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். தொண்டைக்குக் கீழே வைத்திருக்கும் ஸ்டென்ட் குழாய் அடைத்தால் திறந்துவிட ஆஸ்பத்திரிக்கு வரலாம். சலத்தில் தொற்று வந்து உபாதை கொடுத்தால் அதற்கும் மருந்து தருவோம். ஒரு சிகிச்சை ஐயாவுக்குச் சுகம் தருமா என்பதுதான் இனி நாங்கள் கேட்கும் கேள்வி.

எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். சில கிழமைகளிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை என்று நினைக்கிறேன். இதைவிடக் கூடலாம், குறையலாம். கனடாவில் உள்ள தம்பி வர யோசித்தால், ஐயா நன்றாகக் கதைக்கும் இந்த நாட்களில் வருவது நல்லது.

ஐயா தனக்கு வேண்டியது என்று சொன்னவை: வீட்டிலேயே இருக்க வேண்டும், நோவு கூடாது, பின்னேரம் விறாந்தையில் இருக்க வேண்டும், ஒருநாள் யோகர் சுவாமி ஆச்சிரமத்துக்குப் போய்வர வேண்டும், கடைசியில் மெஷினில் போடக் கூடாது. ஆச்சிரமத்துக்குப் போவதென்றால் இந்தக் கிழமையே போங்கள். புறப்பட அரை மணித்தியாலம் முன் நோவு மருந்தைக் கொடுங்கள்.

நோவுக்கு மோர்பின் தண்ணி மருந்து தந்திருக்கிறேன். காலை 6, 10, பின்னேரம் 2, 6 மணிக்கு 5 மில்லிகிராம். இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பாக 10 மில்லிகிராம். அப்போது விடியும்வரை எழுப்பத் தேவையில்லை. ஒரு நாளுக்கு 30 மில்லிகிராம். இடையில் நோவு வந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிகிராம், மேலதிகமாகக் கொடுங்கள். கொடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் மேலதிக மருந்து தேவைப்பட்டால் அறிவியுங்கள், அளவைக் கூட்டுவோம். மலமிளக்கியை மோர்பின் எடுக்கும் ஒவ்வொரு நாளும் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் ஓங்காளமும் இருக்கலாம், பிறகு குறையும். தட்டி எழுப்பியும் எழும்பாமல் மூச்சு மிக மெதுவாகப் போனால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே அழையுங்கள்.

சாப்பாடு அவர் கேட்கும் அளவு போதும். நிமிர்ந்து இருத்தி, கஞ்சி, சூப், நன்றாக மசித்த சோறு, தயிர், இளநீர் கொடுங்கள்; முடிவில் சில மிடறு இளஞ்சூட்டுத் தண்ணீர். பாண், புட்டு, இறைச்சித்துண்டு குழாயை அடைக்கும். படுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும்.

இரத்தமாக வாந்தி வந்தால் பயப்படுவீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். இது நடக்காமலும் போகலாம். கடுஞ்சிவப்பு அல்லது கறுப்பு நிறத் துவாய் இரண்டு கட்டிலருகே வையுங்கள். அவரைப் பக்கவாட்டில் திருப்பி, துவாயைப் பிடித்து, கூடவே இருங்கள். பெட்டியில் வைத்திருக்கும் தூக்க ஊசி மருந்தை எப்படிக் கொடுப்பது என்று தாதி அக்கா மூத்த மகளுக்குக் காட்டியிருக்கிறார். பிறகு எங்களுக்கு அழையுங்கள்.

இதயம் நிற்கும் நேரம் வரும்போது அது இந்த நோயின் முடிவாக இருக்கும். நெஞ்சை அழுத்தியோ குழாய் போட்டோ அதை மாற்ற முடியாது. ஐயா அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அம்புலன்ஸையோ வேறு வைத்தியரையோ அழைத்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

என் தொலைபேசி இலக்கமும் தாதியின் இலக்கமும் கீழே உண்டு. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோ அழைப்பில் கதைப்பேன். கேள்விகளை எழுதி வையுங்கள்.

கடிதத்தில் ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது

'ஒன்றும் செய்ய முடியாது' என்ற வசனம் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது நோயாளியின் காதில் 'இனி உன்னைப் பார்க்கமாட்டோம்' என்று விழும். தவிர, அது உண்மையும் அல்ல. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய் தணிப்புப் பராமரிப்பும் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாகவும் வாழ்க்கைத் தரம் கூடுதலாகவும் இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவாகவே கொடுக்கப்பட்டன. அப்படியிருந்தும் அவர்களின் ஆயுள் குறையவில்லை. இடைநிலை அளவில் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம் வாழ்ந்தார்கள். இதைக் கொழும்புத்துறை ஐயாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. அவருடைய நோய் வேறு, கட்டமும் பிந்தியது. ஆனால் சுகத்தைத் தேடினால் ஆயுள் குறையும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில்.

காலத்தைச் சொல்வதுதான் எழுதுபவருக்குக் கடினமான வசனம். திகதி சொல்லக் கூடாது. 'ஆண்டவன்தான் அறிவான்' என்று நழுவவும் கூடாது. மாற்றத்தின் வேகத்தைப் பார்த்தால் ஓரளவு கணிக்கலாம். மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதக் கணக்கு, கிழமைக்குக் கிழமை தளர்ந்தால் கிழமைக் கணக்கு, நேற்று எழும்பி இருந்தவர் இன்று எழும்பவில்லை என்றால் நாட்கணக்கு. குடும்பத்தினரும் இதைத் தாங்களே பார்த்து அறியலாம். டொரண்டோவில் லீவுக்கு விண்ணப்பிக்கும் மகனுக்கு இந்தக் கணக்குத்தான் வேண்டும். இரத்தப் பரிசோதனையின் எண்களை வைத்து அவர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

மோர்பின் பற்றிய பந்தி நீண்டதற்குக் காரணம் உண்டு. போத்தல் வீட்டுக்குப் போகும், ஆனால் திறக்கப்படாது. "அது கடைசியில குடுக்கிற மருந்து" என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள். அல்லது நோவு உச்சத்துக்கு ஏறிய பின்தான் கொடுப்பார்கள். பிறகு 'மருந்து கேட்கவில்லை' என்பார்கள். வாயால் குடிக்கும் சாதாரண மோர்பின் நாலு மணித்தியாலம் அளவில்தான் வேலை செய்யும். அதனால்தான் நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். நோவுக்காக அளவறிந்து கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை, போதைக்கு அடிமையாக்குவதும் இல்லை. வெற்றிலை பாக்கு டப்பாவைத் தூக்கி எறிந்து மூன்று வருடமான ஒருவர் 'பழகிப்போடும்' என்று மோர்பினுக்குப் பயப்படுவதைக் கேட்கும்போது மனம் நோகும். ஓர் எச்சரிக்கை: மெதுவாகக் கரையும் மோர்பின் குளிசையை நசுக்கியோ கரைத்தோ கொடுக்கக் கூடாது, பல மணித்தியாலங்களுக்கான மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணி மருந்தை எழுதுவது இதற்காகத்தான். அதுவும் இறங்காத நாளில் தோலுக்குக் கீழே சிறு ஊசி வழியாகக் கொடுக்கலாம். வாயால் கொடுத்த அளவின் பாதி போதும். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த அளவுகள் பொருந்தா. கடிதத்தில் உள்ள எண்கள் அந்த ஐயாவுக்கு மட்டும் உரியவை. வேறொருவர் பார்த்து எழுதக் கூடாது.

சாப்பாடுதான் எல்லா வீட்டிலும் சண்டைக்குக் காரணமாகும் விடயம். அம்மா மூன்று நேரமும் கிண்ணத்தோடு வந்து நிற்பார். ஐயா முகத்தைத் திருப்புவார். "பட்டினி போட்டுச் சாகடிக்கிறதே?" என்று கனடாவிலிருந்து கேள்வி வரும், "சேலைன் ஏத்துங்கோ" என்று கொழும்பிலிருந்து யோசனை வரும். பசி போனதும் உடம்பு கரைவதும் நோயின் வேலை. ஊட்டுவதைக் கூட்டினாலும் தசை திரும்பாது. படுத்தபடி ஊட்டினால் சோறு சுவாசக்குழாய்க்குள் போய் நியூமோனியா வரலாம். கடைசி நாட்களில் ஏற்றும் சேலைன் கால் வீக்கமாகவும் தொண்டையில் கொறகொறச் சத்தமாகவும் வெளிப்படலாம். அப்போது வாய் வறட்சிக்குப் பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்குவதே பலன் தரும். அம்மாவிடம் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு அந்த வேலையை அவர் கையில் கொடுங்கள். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

வீட்டில் மரணம் நிகழ்ந்தால் பொலிஸ் வருமா, பிரேத பரிசோதனை செய்வார்களா என்ற பயத்திலேயே சில குடும்பங்கள் கடைசி மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றன. நோயால் வீட்டில் நிகழும் இயற்கை மரணத்தைக் கிராம சேவகரிடம் அறிவித்து, அவருடைய அறிக்கையோடு மரணத்தைப் பதியலாம். நோய் என்ன, எந்தக் கட்டம், யார் பார்த்துவந்தார்கள் என்று திகதியோடும் கையொப்பத்தோடும் எழுதிய கடிதம் வீட்டில் இருந்தால் கேள்விகள் குறையும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நோயின் பெயர் மூன்றும் முதல் வரிகளுக்கு மேலே தட்டச்சில் இருக்க வேண்டும். மாதிரியில் அவற்றை விட்டிருக்கிறேன். 1990க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ்காரருக்கும் இதுவே உதவும். அவர்கள் உயிர்காக்கவும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றவும் பயிற்சி பெற்றவர்கள். காகிதம் இல்லாமல் அவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

வாசித்த பிறகும் சென்னைக்குப் போக விரும்பினால்

கடிதத்தை வாசித்தும் ஒரு மகன் "அப்பல்லோவில காட்டுவம்" என்பார். தடுக்க வேண்டாம். முதலில் ஐயாவிடம் கேளுங்கள். பிறகு ஆளை அனுப்பாமல் ஆவணங்களை அனுப்பும்படி சொல்லுங்கள்: திசுப் பரிசோதனை அறிக்கை, முதல் ஸ்கானும் கடைசி ஸ்கானும் உள்ள சிடி, கொடுத்த கீமோ மருந்துகளின் பெயரும் எத்தனை தடவை என்பதும், கதிர் சிகிச்சையின் சுருக்கம், கடைசி இரத்தப் பரிசோதனை. இவற்றோடு, ஐயா பகலில் எவ்வளவு நேரம் கட்டிலில் இருக்கிறார் என்ற விபரத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். இரண்டாவது கருத்துச் சொல்பவருக்கு ஸ்கானைவிட அந்த வரி கூடுதலாகச் சொல்லும். அது இல்லாத கோப்பை மட்டும் பார்ப்பவர் 'இன்னொரு மருந்து இருக்கிறது' என்று சொல்லக்கூடும்.

அங்கிருந்து வரும் பதில் நம்முடைய ஆலோசனையிலிருந்து வேறுபட்டால், மூன்று கேள்விகளை மகன் அவர்களிடம் எழுத்தில் கேட்கட்டும். இந்த மருந்தால் கட்டி சுருங்குபவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? சுருங்கினால் எவ்வளவு காலம் கூடும்? இவ்வளவு பலவீனமான ஒருவருக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா? பதில்களை ஐயாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் போகத்தான் வேண்டும் என்றால், மோர்பின் மருந்துச் சீட்டின் மூலப்பிரதியையும் நோயை விளக்கும் ஆங்கிலக் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். மோர்பின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதைப் புறப்படும் முன் கேட்டு உறுதி செய்யுங்கள். அவர் திரும்பி வந்ததும் கடிதத்தைப் புதிய திகதியோடு திருத்தி எழுத வேண்டும். பழையதைக் கிழித்துவிட வேண்டும். அளவு மாறிய மோர்பின் பழைய காகிதத்தில் இருப்பது ஆபத்து.